ஆலை பெரிதானால் அடக்கவிலை குறைவது ஏன்?

பிச்சாவரத்திலிருந்து சிதம்பரம் வழியாக மேற்கே சென்றால் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் காணலாம். அதன் அரைவைத் திறன் நாளொன்றுக்கு 2500 டன். இவ்வளவு பெரிய ஆலை எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டராக உள்ள மூடிய தொட்டி செய்ய 6 சதுர மீட்டர் தகடு வேண்டும். அதில் 1000 லிட்டர் சாறு பிடிக்கும். மூன்றையும் 2 மீட்டராக்கினால் தகடு 24 சதுர மீட்டர். சாறோ 8000 லிட்டர். தகடு நான்கு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு! வெப்பம் தகட்டின் வழியே வெளியேறுவதால், லிட்டருக்கு வீணாகும் வெப்பமும் குறைகிறது. பெரிய தொட்டியைக் கவனிக்க எட்டு மடங்கு ஆட்களும் தேவையில்லை.

ஆனால் ஆலை நிறைய அரைத்தால்தான் இந்த இலாபம். வட்டி, சம்பளம் போன்ற நிலையான செலவு நாளுக்கு ரூ.5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2500 டன் அரைத்தால் டன்னுக்கு ரூ.200, கரும்பு பாதியே வந்தால் ரூ.400.

அதற்காக ஆலையை மேன்மேலும் பெரிதாக்கவும் முடியாது. கரும்பைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும், வண்டிக்கூலி ஏறும். வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இந்த நட்டம் தொட்டியில் மிச்சமானதை விழுங்கிவிடும். எனவே வெட்டு உத்தரவு வந்தபின் வெட்டி, 24 மணி நேரத்திற்குள் ஆலைக்கு அனுப்புங்கள்.