மீற்றரில் ஏறாத ஓட்டம்: ஹயர் ஓடிய கார் விற்பனைக்கு வரும்போது

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவர் கடந்த ஆண்டு ஒரு ரொயோட்டா அக்வா கார் வாங்கினார். 2014ஆம் ஆண்டு தயாரிப்பு. மீற்றரில் 86,000 கிலோமீற்றர். அதே ஆண்டுக் கார்களின் விலையைவிட ஐந்து இலட்சம் ரூபா குறைவு. மனைவியின் நகைகளை அடகு வைத்து முற்பணம் கட்டினார், மிகுதிக்கு லீசிங். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளிகளை ஏற்றிச் சென்றால் மாதத் தவணையைக் கட்டிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

நான்காவது மாதம், ஏ9 வீதியில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. ஹைபிரிட் பற்றரி பழுது. அவர் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு திருத்தத்திலேயே போனது. கார் கராச்சில் நின்ற நாட்களில் வருமானம் இல்லை, தவணை மட்டும் நிற்கவில்லை.

பின்னர் காரின் பழைய கடதாசிகளைத் தேடியபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சேவிஸ் பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் எழுதப்பட்டிருந்த ஓட்டம் 174,000 கிலோமீற்றர். கார் கொழும்பில் ஹயர் ஓடியிருக்கிறது.

இப்படியான கார்கள் இங்கு வந்து சேர ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அலைபேசிச் செயலிகள் வழியாக ஹயர் ஓடியவை, நாள் வாடகைக்கு விடப்பட்டவை, கம்பனிகள் வைத்திருந்தவை எல்லாம் ஒரே சந்தைக்கு வந்தன. வெளியே மினுக்கிவிட்டால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். வீட்டுத் தேவைக்கு ஓடும் கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹயர் கார் நாளுக்கு 150 கிலோமீற்றர், மாதம் 26 நாட்கள் ஓடினால் ஆண்டுக்கு 46,800 கிலோமீற்றர். வீட்டுக் கார் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் ஓடுவதை ஹயர் கார் ஒரே ஆண்டில் ஓடிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் மீற்றரைக் குறைக்கிறார்கள். டிஜிற்றல் மீற்றரின் எண் ஒரு சிறிய நினைவகச் சிப்பில் இருக்கிறது. அதற்குரிய கருவி இருந்தால் மாற்றுவது பெரிய வேலையல்ல.

ஆனால் மீற்றரைத் தொடாமல் விட்டிருந்தாலும் அது முழு உண்மையையும் சொல்லாது. மீற்றர் தூரத்தை மட்டுமே எண்ணுகிறது, நேரத்தை எண்ணுவதில்லை. 100,000 கிலோமீற்றரை மணிக்கு 50 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் ஓடிய கார் 2,000 மணித்தியாலங்கள் இயங்கியிருக்கும். கொழும்பு நெரிசலில் 20 கிலோமீற்றர் சராசரியில் ஓடிய கார் அதே தூரத்துக்கு 5,000 மணித்தியாலங்கள் இயங்கியிருக்கும். மீற்றரில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

ஹைபிரிட் காரில் இந்தக் காத்திருப்பு நேரம் நேரே பற்றரியின் தலையில் விழுகிறது. அக்வாவில் ஏசி கம்பிரசர் இயங்குவதும் அந்தப் பெரிய பற்றரியின் மின்சாரத்தில்தான். அடுத்த ஹயருக்காக ஏசி போட்டபடி நிற்கும்போது பற்றரி இறங்கும். பிறகு இயந்திரம் தானாக இயங்கி அதை ஏற்றும். மீண்டும் இறங்கும். கார் ஒரு மீற்றர்கூட நகராமல் பற்றரியின் ஆயுள் மட்டும் கழிந்துகொண்டிருக்கும்.

அடுத்த எதிரி வெப்பம். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைப் பக்கம் உள்ள ஒரு துவாரம் வழியாகக் காருக்குள் இருந்தே இழுக்கப்படுகிறது. நாள் முழுவதும் ஆட்கள் ஏறி இறங்கும் காரில் அந்தத் துவாரம் தூசியாலும் நூலாலும் அடைபடும், பயணிகளின் பைகளும் அதை மறைக்கும். நான் சொன்ன காரில் துவாரத்து விசிறி முழுவதும் தூசி அப்பியிருந்தது. மெக்கானிக் பற்றரியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதற்குள் இருந்த 20 கட்டைகளில் நான்கு வேறு காலத்தவை. முன்னைய உரிமையாளர் பழுதான நான்கை மட்டும் மாற்றி, விளக்கை அணைத்து, காரை விற்றிருக்கிறார். அப்படி ஒட்டுப்போட்ட பற்றரியில் மீதியுள்ள பழைய கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். விற்று முடிக்கும் வரைக்கும் அது தாங்கினால் போதும்.

வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? பெருமளவு முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது இடது பின் கதவு. நம் நாட்டில் ஹயர் பயணிகள் வீதியோரம் நின்று அந்தக் கதவால்தான் ஏறுவார்கள். வீட்டுக் காரில் அதிகம் தேய்வது சாரதியின் கதவு. இடது பின் கதவின் கைபிடிக்குழியில் நகக் கீறல்களும், கீழ்ப்படியில் செருப்புத் தேய்வும், பிணைச்சலில் தளர்வும், வலது பின் கதவில் இருப்பதைவிடத் தெளிவாக அதிகம் இருந்தால், கார் யாருக்காக ஓடியது என்று புரிந்துகொள்ளலாம். இருக்கை உறைகளைக் கழற்றி இடது பின் இருக்கையின் அமிழ்வைப் பாருங்கள். பிரேக் பெடல் றப்பரையும் பாருங்கள். 86,000 கிலோமீற்றரில் அது வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. கார் பழையதாக இருக்க, பெடல் றப்பரும் ஸ்ரியரிங் உறையும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது கடதாசி. பதிவுப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளர்களின் விபரம் இருக்கும். அதில் கம்பனியின் பெயர் இருப்பதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. ஒரே உத்தியோகத்தருக்குக் கொடுக்கப்பட்டு, முகவரிடம் ஒழுங்காக சேவிஸ் செய்யப்பட்ட கம்பனிக் கார், தனியாரின் காரைவிட நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு சேவிஸ் பதிவுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நாள் வாடகைக்கு விடப்பட்ட கார் அப்படியல்ல. பலர் ஓட்டியது, ஒருவரும் தன்னுடையது என்று ஓட்டாதது. பழைய புகைப் பரிசோதனைச் சான்றிதழ்கள், சேவிஸ் பற்றுச்சீட்டுகள், ஒயில் மாற்றியபோது ஒட்டிய துண்டுகள் எது கிடைத்தாலும், அதில் மீற்றர் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் திகதி வரிசையில் அடுக்குங்கள். எண் எங்காவது பின்னோக்கிப் போனால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மூன்றாவது ஸ்கானர். கராச்சில் ஒருவரைக் கூட்டிச் சென்றால், பல மாதிரிகளில் திரையில் Distance since codes cleared என்ற ஓர் எண்ணைக் காட்டுவார். பழுதுப் பதிவுகளைக் கடைசியாக அழித்த பின் கார் ஓடிய தூரம் அது. அது மீற்றரில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் மீற்றர் பொய். வெறும் 20 கிலோமீற்றர் என்று இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்குச் சற்று முன்னர் எதையோ அழித்திருக்கிறார்கள். அரை மணித்தியாலம் ஏசி போட்டு, ஏற்றத்தில் ஓட்டியபடி பற்றரிக் கட்டைகளின் மின்னழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பற்றரியில் எல்லாம் ஏறத்தாழச் சேர்ந்தே இறங்கி ஏறும். பழுதானது தனியே விழும். நின்றபடி பார்த்தால் இது தெரியாது.

ஹயர் ஓடிய காரை வாங்கவே கூடாது என்பதல்ல. விற்பவர் அதை ஒத்துக்கொண்டால், முழுப் பற்றரி ஒன்றின் விலையை முதலே விசாரித்து, கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மலிவாக இருந்தால்தான் அது மலிவு. கிளிநொச்சிக்காரர் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தது கார் நின்ற பிறகுதான். நகை இன்னும் அடகில் இருக்கிறது.