வாங்காதீர்கள் என்று சொல்லும் வேலை

2018 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மாநகராட்சி, தான் விற்கும் தண்ணீரையே வாங்காதீர்கள் என்று மக்களிடம் மன்றாடியது. தொடர் வறட்சியில் அணைகள் வற்றியிருந்தன. குழாய்களை அடைக்கவேண்டிய நாளுக்கு ‘டே ஸீரோ’ என்று பெயரிட்டு, தேதியையும் அறிவித்தார்கள்.

மார்க்கெட்டிங் என்றால் விற்பனையைக் கூட்டுவது என்றே பலரும் நினைக்கிறோம். தேவையைக் குறைப்பதும் அதே தொழிலின் வேலைதான் என்று 1971இல் பிலிப் கோட்லரும் சிட்னி லெவியும் எழுதினார்கள். அதற்கு டிமார்க்கெட்டிங் என்று பெயர். 1973இல் கோட்லர் தேவையை எட்டு நிலைகளாகப் பிரித்தார். நிலை மாறினால் வேலையும் மாறும்.

கேப் டவுனில் இருந்தது மிகைத் தேவை. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அதிகம் செலவழித்தவர்களுக்குக் கட்டணம் செங்குத்தாக ஏறியது. குழாய்களில் அழுத்தத்தைக் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்த வீடுகளை இணைய வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டினார்கள். விலை, விளம்பரம், வினியோகம் என விற்பதற்கான அதே கருவிகள்தான் இங்கே தலைகீழாகத் திரும்பின. பயன்பாடு வறட்சிக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து தண்ணீர் விட்டதும், பிறகு பெய்த மழையும் துணை நின்றன. டே ஸீரோ வரவே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விற்பனை சரிந்தால் மாநகராட்சியின் வருமானமும் சரியும். குழாய்களையும் பம்புகளையும் பராமரிக்கும் செலவு குறையாது. அதனால் மீட்டரின் அளவைப் பொறுத்து நிலையான மாதக் கட்டணம் விதித்தார்கள். சிக்கனம் பிடித்தவர்களுக்கு அது தண்டனையாகவே பட்டிருக்கும். என் கணிப்பில், டிமார்க்கெட்டிங்கைத் திட்டமிடும்போதே இந்த இழப்பையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

அதே தண்ணீர், வேறொரு நிலை: சுத்திகரித்த கழிவுநீர். காசு கொடுத்தாலும் குடிக்கமாட்டேன் என்பது எதிர்மறைத் தேவை. இங்கே வேலை மனதை மாற்றுவது. சிங்கப்பூர் அதற்கு ‘நியூவாட்டர்’ என்று பெயர் சூட்டியது. 2002 தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் டோங்குடன் சேர்ந்து பல்லாயிரம் பேர் அதைக் குடித்தார்கள். எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்று மக்கள் நேரில் பார்க்க ஒரு காட்சி மையமும் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரிலோ 2006இல் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வறட்சி அங்கேயும் கடுமைதான். தண்ணீர் வேண்டும் என்று தவிப்பதும், இந்தத் தண்ணீரை ஏற்பதும் வேறு வேறு. அருவருப்பைப் பற்றாக்குறையால் மட்டும் வெல்ல முடியாது.

மறைந்திருக்கும் தேவை இதற்கு நேர் எதிர்: ஆசை இருக்கும், பொருள் இருக்காது. தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்த சென்னைக் குடும்பங்களிடம் அது இருந்தது. வாசலுக்கு வந்த 20 லிட்டர் கேன் அதை வெளியே கொண்டுவந்தது. சரியும் தேவைக்கோ புதிய பயனைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். அமெரிக்காவில் வீட்டில் கேக் சுடுவது குறைந்தபோது, ஆர்ம் அண்ட் ஹேமர் சமையல் சோடாவை ஃபிரிட்ஜில் வாடை போக்க வைக்கலாம் என்று 1972இல் விளம்பரம் செய்து விற்பனையைத் தூக்கி நிறுத்தினார்கள்.