நடு அடுக்கின் பொய்ச் சரிவு

பிரிட்டனில் 2012இல் நிலக்கரியிலிருந்து சுமார் 143 டெராவாட் மணி மின்சாரம் கிடைத்தது. 2016இல் அது 31 ஆகச் சுருங்கியது. அணுமின்சாரமோ இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 70தான்.

இதை அடுக்குப் பரப்பு வரைபடமாகப் போட்டு, நிலக்கரியை அடியிலும் அணுவை அதன் மேலும் வைத்துப் பாருங்கள். அணுவின் மேல்விளிம்பு 213இலிருந்து 101க்கு இறங்கும். அணு உலைகளைப் பாதி மூடிவிட்டார்கள் என்றே தோன்றும்! இறங்கியது அதன் தரைதான். போதாக்குறைக்கு, சரிவில் நம் கண் செங்குத்து உயரத்தை அளப்பதில்லை. விளிம்புக்கு விளிம்பு குறுக்கே உள்ள தடிமனைத்தான் பார்க்கிறது. அதனால் பட்டை மெலிந்தும் தெரிகிறது.

வரிசையை மாற்றி அணுவை அடியில் வைத்தால் அது சமதளமாக நிற்கும். நிலக்கரியின் வீழ்ச்சியும் மேலே தெளிவாகத் தெரியும். அதிகம் ஆடாததைக் கீழேயும், ஆடுவதை மேலேயும் வைப்பதே நல்லது. பெயரின் அகரவரிசையில் அடுக்குவது சோம்பேறித்தனம்.

ஆனால் தட்டையான தரை ஒரே ஒரு அடுக்குக்குத்தான் கிடைக்கும். ஏழெட்டு அடுக்குகளையும் தனித்தனியே ஒப்பிட வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டு வரைபடம் போடுங்கள்.