பிளஸ் போட்டதால் போன நாலு மார்க்

மாறாத 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், சிலிண்டருக்குள் இருக்கும் காற்று 0.5 கனமீட்டரிலிருந்து 0.25 கனமீட்டராகச் சுருக்கப்படுகிறது. அப்போது 175 கிலோஜூல் வெப்பம் வெளியே போகிறது. வேலை எவ்வளவு? அக ஆற்றல் எவ்வளவு மாறியது?

திருநின்றவூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் யாருக்கும் பழக்கமான வகைக் கணக்கு இது. ஒரு மாணவி இதை உள்மதிப்பீட்டுத் தேர்வில் இப்படிப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: w = +50 kJ, ΔU = q + w = −175 + 50 = −125 kJ. ஆசிரியர் கையில் இருந்த விடைக்குறிப்பில் W = −50 kJ, ΔU = Q − W = −175 − (−50) = −125 kJ என்று இருக்கிறது. கடைசி விடை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் திருத்துபவரின் கண்ணில் முதலில் படுவது +50. அங்கேயே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. ஆறு மார்க் கணக்குக்கு இரண்டு மார்க் மட்டும் கிடைக்கிறது.

இதைத் தவறு என்று சொல்ல முடியுமா? வேலைக்கு எந்தப் பக்கம் பிளஸ் போடுவது என்பதை இயற்கை முடிவு செய்யவில்லை, மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் 'சைன் கன்வென்ஷன்' என்று சொல்லும் குறி மரபு அதுதான். நீராவி எந்திரத்தை மனதில் வைத்துச் சிந்தித்தவர்களுக்கு உள்ளே போகும் வெப்பமும் வெளியே வரும் வேலையும் லாபக் கணக்கு, அதனால் இரண்டும் பிளஸ். பி.கே.நாக் எழுதிய புத்தகமும் செங்கல்–போல்ஸ் புத்தகமும் இந்த வழியில்தான் போகின்றன. வேதியியலாளர்கள் அமைப்புக்குள் வருவது எதுவானாலும் பிளஸ் என்பார்கள். ஐயுபேக் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது முறையை.

தமிழ்நாட்டு மாணவருக்கு இந்தக் குழப்பம் கல்லூரியில் தொடங்குவதில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் ΔU = Q − W என்று படிக்கிறார். அதே ஆண்டு வேதியியல் புத்தகத்தில் ΔU = q + w என்று படிக்கிறார். இரண்டு ஆசிரியர்களும் அடுத்தடுத்த பீரியடில் வந்து போவார்கள், முந்தைய வகுப்பில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கெமிக்கல் பிரிவில் இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்மித்–வான் நெஸ் புத்தகத்தின் பழைய பதிப்பு ஒரு மரபிலும் பிந்தைய பதிப்புகள் மற்றதிலும் இருப்பதால், நூலகப் பிரதியை வைத்துப் படித்தவரும் புதிதாக வாங்கிப் படித்தவரும் ஒரே கணக்கில் எதிரெதிர்க் குறி போடுவார்கள்.

விடையை மீண்டும் பார்க்கச் சொல்லி ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்காருமுன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இப்படிப் புகாராக வரும் தாள்களில் ஒரு பகுதி உண்மையிலேயே தவறானவை. ஒரு மரபின் குறியை எடுத்து மற்ற மரபின் சூத்திரத்தில் போட்டால் −175 − 50 = −225 என்று வரும். அதற்கு எந்த மரபும் துணை வராது. எது சரி என்று பார்க்க, குறிச் சண்டைக்குள் போகாத ஒரு வழி இருக்கிறது. அழுத்தம் மாறாமல் கன அளவு பாதியானால் வெப்பநிலையும் பாதியாகும். pV என்பது 100 கிலோஜூலிலிருந்து 50-க்கு இறங்குகிறது. காற்றுக்கு cv/R ஏறத்தாழ 2.5. ஆகவே அக ஆற்றல் மாற்றம் 2.5 × (−50), அதாவது −125. வேலை என்ற சொல்லே இந்தக் கணக்கில் இல்லை, அதனால் அதன் குறியும் இல்லை. உங்கள் விடை இதோடு ஒத்துப்போனால் எழுதலாம். −225 என்று வந்திருந்தால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, எந்த மரபு என்று விடைத்தாளில் எழுதியிருக்கிறீர்களா என்பது. எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. எழுதாமல் வெறும் +50 என்று மட்டும் இருந்தால் ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு, ஏனென்றால் வகுப்பில் நடத்திய மரபில்தான் எழுதியிருப்பீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வது இயல்பு. அப்போதும் கேட்கலாம். சூத்திரம் ΔU = q + w என்று தாளில் இருந்தால் மரபு அதிலேயே தெரிகிறது என்று சொல்லலாம். திருப்பிக் கொடுத்த தாளில் அந்த ஒரு வரியை இப்போது சேர்த்துவிடலாமே என்று மட்டும் தோன்றக் கூடாது. மையின் நிறம் காட்டிக்கொடுக்கும் என்பது ஒருபுறம் இருக்க, நாலு மார்க் விவகாரம் அந்த நிமிடத்தில் தேர்வு முறைகேடாக மாறிவிடும். தாள் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 11(ஆ) வினாவுக்கு நான் எழுதிய விடையைத் தாங்கள் மீண்டும் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாகக் கொண்டு ΔU = q + w என்ற முறையில் எழுதியிருக்கிறேன்; அதை விடையின் முதல் வரியில் குறிப்பிட்டிருக்கிறேன். அதன்படி w = +50 kJ, ΔU = −125 kJ. தாங்கள் வகுப்பில் நடத்திய ΔU = Q − W முறையில் W = −50 kJ; ΔU அதே −125 kJ. எந்த மரபில் எழுத வேண்டும் என்று வினாவில் குறிப்பு இல்லை. இரண்டு முறையிலும் போட்ட கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வகுப்பில் நடத்திய மரபில்தான் எழுத வேண்டும் என்றால் அதை ஏற்று இனி அப்படியே எழுதுகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் நேரில் வந்து பார்க்கிறேன். நன்றி. தங்கள் உண்மையுள்ள..." இதன் கீழே பெயர், பதிவு எண், தேதி.

இதில் மார்க் கூட்டித் தாருங்கள் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டிருப்பது ஒரு படியைச் சரிபார்க்க மட்டுமே. 'தாங்கள் தவறாகத் திருத்திவிட்டீர்கள்' என்ற வாக்கியமும் இல்லை, ஏனென்றால் அவருடைய மரபில் அவர் திருத்தியது சரி. பக்கத்து பெஞ்சுக்காரருக்கு முழு மார்க் போட்டிருக்கிறீர்களே என்று எழுதினால் பெரும்பாலும் அவருடைய மார்க் குறையும், உங்களுடையது ஏறாது. நண்பரும் போய்விடுவார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தாளைப் போட்டுவிட்டு அதன் பிறகு கடிதம் கொடுப்பதும் உதவாது. இணைப்புத் தாள்தான் இந்தக் கடிதத்தின் உயிர். நாற்பது ஐம்பது தாள் திருத்திக் களைத்த ஒருவர், இரண்டு பத்திகள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே −125-ல் முடிவதை அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில், இணைப்புக் கல்லூரிகளின் தியரி பாடங்களில் 100-க்கு 40 உள்மதிப்பீட்டிலிருந்து வருகிறது. கல்லூரி அந்த மார்க்கைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிவிட்டால், பிறகு மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லை. தாள் கொடுத்த அன்றோ மறுநாளோ கடிதம் போய்விட வேண்டும்.

ஆசிரியர் மறுத்தால் அடுத்த வழி பலருக்கும் தெரியாத ஒன்று. ஒவ்வொரு வகுப்புக்கும் வகுப்புக் குழு இருக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. மாணவப் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர். உங்கள் தாளை அங்கே கொண்டுபோவதைவிட, 'இனிமேல் வினாவிலேயே குறி மரபைக் குறிப்பிட வேண்டும்' என்று கேட்கச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதற்கும் பயன்படும் கோரிக்கை என்பதால் ஆசிரியருக்கு மறுக்கக் காரணம் இருக்காது, தனிமனிதப் பிரச்சினையாகவும் ஆகாது.

அதற்கும் மேலே யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. வெளிப்படைத்தன்மையற்ற, நியாயமற்ற மதிப்பீடு என்பது அதில் குறையாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. கல்லூரியின் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதே விதிமுறை ஒரு கதவைச் சாத்தியும் வைத்திருக்கிறது. முடிவையே பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேட்டையோ பாரபட்சத்தையோ காட்டினால் ஒழிய, மறுமதிப்பீடு கேட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. பொய்ப் புகாருக்கு நடவடிக்கையும் உண்டு. ஒரு குறி மரபுக்காக அவ்வளவு தூரம் போவது வீண் என்பது என் கருத்து. கேட்டதற்காகவே உள்மதிப்பீட்டைக் குறைத்துப் பழிவாங்கினால் அது வேறு விஷயம், அப்போது தயங்காமல் போக வேண்டும்.

நீதிமன்றமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 2011 ஆகஸ்டில், சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கவும் நகல் பெறவும் மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தியவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும், இந்தச் சட்டத்தை வைத்து மறுமதிப்பீடு கேட்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில், விதிகளில் மறுமதிப்பீட்டுக்கு இடம் இல்லாதபோது, விளக்கமோ அனுமானமோ தேவைப்படாத அளவுக்கு வெளிப்படையான பிழை இருந்தால் மட்டுமே நீதிமன்றம் அரிதாகத் தலையிடும் என்றது. குறி மரபு விவகாரத்துக்கோ விளக்கம் தேவைப்படுகிறது. இரண்டு பத்திகளில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே தெர்மோ தெரிந்த ஒருவரிடம்தான் இது எடுபடும், அவர் உங்கள் ஆசிரியர்.

செமஸ்டர் தேர்வில் நிலைமை வேறு. திருத்துபவர் யாரென்று தெரியாது, கடிதம் கொடுக்கவும் ஆளில்லை. முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கல்லூரி வழியாகக் கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் கேட்கலாம். நகல் வந்ததும் அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் அதைத் தானே திருத்தி, வினாவாரியாக மார்க் எழுதி, மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரை இருந்தால்தான் அடுத்த விண்ணப்பம். மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லை என்றால் ரிவ்யூ என்று இன்னொரு படி உண்டு. அந்தப் பரிந்துரையை எழுதப் பேனாவை எடுப்பவர் பெரும்பாலும், உள்மதிப்பீட்டில் உங்கள் +50-க்குப் பெருக்கல் குறி போட்ட அதே சார்தான்.