செல்ஃபியில் தெரியும் முகம் யாருடையது?

மூக்கைச் சிறியதாக்க வேண்டும் என்று அறுவை மருத்துவரிடம் வருகிறவர்கள், காரணம் கேட்டால் கைபேசியை எடுத்து ஒரு செல்ஃபியைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவருக்கு இது பழகிப்போன காட்சி. அந்தப் படத்தில் இருக்கும் மூக்குதான் அவர்களுடைய மூக்கா என்று அவரும் சக ஆய்வாளர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளியான விடை பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஆண்களின் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடும், பெண்களின் மூக்கு 29 விழுக்காடும் கூடுதல் அகலமாகத் தெரிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தோடு ஒப்பிட்ட கணக்கு இது.

காரணம் எளிது. கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதியும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு ஊதித் தெரியும். அதே ஆள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் மூக்கு 150 செ.மீ., காது 162 செ.மீ. இப்போது வித்தியாசம் 1.08 மடங்குதான். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் நம்மைக் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவில். கையை நீட்டி எடுக்கும் படத்தில் மூக்கு முன்னால் வருகிறது, காதுகள் பின்னால் ஒடுங்குகின்றன, நெற்றி உருண்டு நிற்கிறது.

ஆகவே ஃபில்டரைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஃபில்டர் போட்ட படம் பொய், போடாத செல்ஃபி நிஜம் என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் இரண்டும் முகத்தை மாற்றுகின்றன. ஒன்று அழகாக்குகிறது, மற்றது அவலட்சணமாக்குகிறது. இந்த இரண்டு தவறான படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் சொந்த முகம் எங்குமே தென்படுவதில்லை.

ஒரு படம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி, இரவு எட்டு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் செல்ஃபி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கன்னத்தில் இரண்டு பருக்கள், உதட்டுக்கு மேலே ஒரு மச்சம். அவள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கேமரா செயலி அவளுடைய முகத்தைக் கண்டுபிடித்து, கண் ஓரம், மூக்கு நுனி, உதட்டு விளிம்பு, தாடைக் கோடு என்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருக்கும். சில மென்பொருள்கள் ஒரு முகத்துக்கு 468 புள்ளிகள் வரை வைக்கின்றன. அந்தப் புள்ளிகளைக் கொண்டு தோல் எது, கண் எது, புருவம் எது என்று பிரிக்கிறது.

அடுத்த வேலை மழமழப்பு. தோல் என்று குறித்த பகுதியில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தோடு கலந்து சராசரியாக்குகிறது. எல்லாவற்றையும் கலந்தால் முகம் முழுவதும் கலங்கிவிடும். அதனால் ஒரு நிபந்தனை உண்டு: நிறம் கொஞ்சமாக வேறுபட்டால் கலந்துவிடு, மிகவும் வேறுபட்டால் அது ஒரு விளிம்பு, தொடாதே. கண்ணிமையும் உதட்டோரமும் கூர்மையாகவே இருக்க, கன்னம் மட்டும் பீங்கான் போல ஆவது இந்த நிபந்தனையால்தான். தோலின் நுண்துளை, பூனைமுடி, எண்ணெய்ப் பளபளப்பு, பருவின் சிவப்பு எல்லாம் 'கொஞ்ச வேறுபாடு' என்ற கணக்கில் அடங்கிக் கரைந்துபோகின்றன.

பருவுக்கும் மச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்குக்குத் தெரியாது. அளவை ஏற்றிவைத்தால் நாளை ஆறிவிடப்போகும் பருவும், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் மச்சமும் ஒன்றாகவே மறையும். சின்ன வயதில் விழுந்து பட்ட தழும்பும் போய்விடும். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிவைத்தது எதுவோ, அதையே ஃபில்டர் குறை என்று எடுத்துக்கொள்கிறது.

அதன் பிறகு நிறம். பல கேமராக்களின் பியூட்டி அமைப்பில் தோலை வெளுக்கவைக்கும் அளவுகோல் ஒன்று தனியாகவே இருக்கிறது. மாநிறத்தையும் கருப்பையும் குறையாகப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. சிவப்பழகு க்ரீம் ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்து அந்தப் பொருள் தரும் சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் கைபேசிக்குள் அதே ஆசை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. கருத்த பிள்ளைகளுக்கு இதனால் நேரும் காயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பருவை மறைக்கும் ஃபில்டர் 'இன்று உன் தோல் சரியில்லை' என்கிறது. வெளுக்கவைக்கும் ஃபில்டர் 'நீ பிறந்த நிறமே சரியில்லை' என்கிறது.

கடைசியாக வடிவம். தாடைப் புள்ளிகளை உள்நோக்கி இழுத்தால் முகம் ஒல்லியாகும். கண்ணைச் சுற்றியுள்ள புள்ளிகளை வெளிநோக்கித் தள்ளினால் கண் பெரிதாகும். இந்த மாற்றம்தான் பார்ப்பவர் கண்ணுக்குச் சிக்குவது கடினம். நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுப் பெண்கள் 144 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. படங்களின் நிறமும் ஒளியும் மாற்றப்பட்டிருப்பதை அவர்கள் கவனித்தார்கள். உடலின் வடிவம் திருத்தப்பட்டிருப்பதைச் சரிவரக் கண்டுபிடிக்கவில்லை. திருத்திய படங்களை இயல்பானவை என்றே சொன்னார்கள். அவற்றைப் பார்த்தபின் தங்கள் உடலைப் பற்றிய எண்ணம் தாழ்ந்தது, அதுவும் மற்றவர்களோடு தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு.

கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. முகத்தை விட்டு அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கன்னத்துக்குப் பின்னால் கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ இருந்தால், தாடை அருகே அது லேசாக வளைந்திருக்கும். முகம் ஒரு நிறமும் கழுத்தும் கையும் வேறொரு நிறமுமாக இருக்கும். முன்நெற்றியில் சின்ன முடிகள் தோலோடு கரைந்து, கூந்தல் ஒட்டவைத்ததுபோல் தொடங்கும். நெற்றியில் இட்ட மெல்லிய விபூதிக் கீற்று மங்கியிருக்கலாம். வீடியோ என்றால் முன்பெல்லாம் முகத்தின் குறுக்கே கையை அசைத்தாலே ஃபில்டர் ஒரு கணம் நழுவி உண்மை வெளிப்பட்டுவிடும். 2023 பிப்ரவரியில் டிக்டாக்கில் வந்த 'போல்ட் கிளாமர்' அந்த வழியையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது. கை குறுக்கே போனாலும் அந்த முகம் அசையாமல் நின்றது. இனிமேல் தடயம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு படத்தை உண்மை என்று நம்பிவிட முடியாது.

ஃபில்டரே போடவில்லை என்று சொல்லும் பிள்ளையும் பொய் சொல்லவில்லை. பல கைபேசிகளின் முன்பக்கக் கேமராவில் இந்த அழகூட்டல், வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். பிள்ளைகளின் மனநலத்தைக் காரணம் காட்டி, கூகுள் நிறுவனம் 2020இல் தன் பிக்சல் கைபேசிகளில் முகத் திருத்தம் அணைந்த நிலையிலேயே வரும் என்று அறிவித்தது. அந்தத் திருத்தத்துக்கு 'அழகு' என்று பெயர் வைப்பதையும் கைவிட்டது. அழகூட்டலை அணைத்த பிறகும் குறைந்த வெளிச்சத்தில் கேமரா படத்தின் புள்ளிச் சிதறலை அழிக்கும். அழிக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து அழியும். 2018இல் வந்த ஐபோன் XS எல்லாரையும் மழமழவென்று காட்டுகிறது என்று புகார் கிளம்பியபோது, அதில் ஃபில்டர் எதுவும் இல்லை. பல படங்களை ஒன்றாக்கும்போது கூர்மை குறைந்த படத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள்.

இது படத்தோடு நின்றுவிட்டால் கவலையில்லை. மனம் அந்தத் திருத்திய முகத்தைச் சொந்தமாக்கிக்கொள்கிறது. நிக்கோலஸ் எப்லி, எரின் விட்சர்ச் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய படத்தையே கொஞ்சம் அழகாகவும் கொஞ்சம் அழகு குறைத்தும் பல விதமாக மாற்றி, 'இதில் உங்கள் உண்மையான படம் எது?' என்று கேட்டார்கள். பெரும்பாலும் கொஞ்சம் அழகூட்டிய படத்தையே காட்டினார்கள். முன்பின் தெரியாதவர் படத்தில் இந்தச் சாய்வு இல்லை. ஃபில்டர் இல்லாத காலத்திலேயே மனிதர்களுக்கு இந்த இயல்பு இருந்திருக்கிறது. தினமும் இருபது முறை அழகூட்டிய முகத்தைப் பார்க்கும்போது அது எவ்வளவு எளிதாக அளவுகோல் ஆகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்துகிற வேலையே மனதை வாட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் இளம்பெண்களைச் செல்ஃபி எடுத்துத் தாங்களே திருத்தச் சொன்ன ஆய்வு 2020இல் வெளியானது. திருத்தி முடித்தபோது அவர்கள் கையில் இருந்தது முன்னதைவிட அழகான படம்தான். இருந்தும் தங்கள் முகத்தின்மீது அதிருப்தி கூடியிருந்தது. எங்கே குறை என்று விரலை வைத்துத் தேடுகிறவர், தேடிய இடத்தையெல்லாம் குறையாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்.

சரியான படம் எடுத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் இப்படிச் செய்யலாம். கேமரா அமைப்பில் பியூட்டி என்ற இடத்துக்குப் போய் மழமழப்பு, நிறம், முகவடிவு எல்லா அளவுகளையும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பகல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிரே நின்று, பின்பக்கக் கேமராவை நண்பரிடம் கொடுத்து, ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லலாம். முகம் சிறிதாகத் தெரிந்தால் பக்கத்தில் வரக் கூடாது, இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொண்டால் போதும். அப்படியும் முதல் பார்வைக்கு முகம் கோணலாகத் தோன்றலாம். கண்ணாடியில் நாம் பார்த்துப் பழகியது இடவலம் மாறிய முகம். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தங்கள் படத்தின் கண்ணாடி வடிவத்தை அவரவர் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்கள் மாறாத வடிவத்தையே விரும்பினார்கள். பழகிய முகம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

தோல் அருகிலிருந்து எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு நிஜமான அளவு வேண்டும். வகுப்புத் தோழர்களின் முகங்களைப் படத்தில் பார்க்காமல் மதிய உணவு நேரத்தில் நேரில் பார்த்தாலே அது கிடைத்துவிடும். மூக்கின் இருபுறமும் துளைகள், கண்ணுக்குக் கீழே லேசான கருமை, வாயைச் சுற்றி நிறம் சற்று அடர்த்தி, மீசை அரும்பும் பையன்களுக்கு நெற்றியில் பரு, பெண்களுக்கு மேலுதட்டில் பூனைமுடி. பருவ வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரப்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் பரு வரத்தான் செய்யும். வலிக்கிற பெரிய பருவோ தழும்பு விழும் பருவோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டினால் சிகிச்சை உண்டு.

சில பிள்ளைகளுக்கு இது தோலைப் பற்றிய கவலையாக மட்டும் இருக்காது. மற்றவர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒரு குறையை மணிக்கணக்கில் கண்ணாடியில் பார்ப்பார்கள் அல்லது கண்ணாடியையே தவிர்ப்பார்கள். முகக்கவசம் இல்லாமல் வெளியே வர மறுப்பார்கள், குடும்பப் படத்துக்கு நிற்க மாட்டார்கள், பள்ளிக்கு மட்டம் போடுவார்கள். 'நல்லாத்தானே இருக்கே, விடும்மா' என்று எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மருத்துவத்தில் இதை உடல் தோற்றப் பிறழ்வு நோய் என்கிறார்கள். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும் இது, பேச்சுவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் குணமாகக்கூடியது. அழகு சிகிச்சைகளால் பொதுவாகத் தீர்வதில்லை. ஒரு குறையைச் சரிசெய்தால் கவலை அடுத்த இடத்துக்கு மாறிவிடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். யாரிடம் போவதென்று தெரியாத பெற்றோர், இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416இல் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.