பான்ட் 2 சம்பளத்தில் பான்ட் 3 வேலை

கோலியர்ஸ் வுட்டில் எமக்குத் தெரிந்த அக்கா ஒருவர் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது என்றுதான் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இரத்தம் எடுக்கப் பழக்கினார்கள். அடுத்து ஈ.சி.ஜி., அதற்கடுத்து கனியூலா ஏற்றுவது. பதவிப் பெயரும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை.

ஒருநாள் மேலாளரிடம் கேட்டார். "இங்கே எல்லோரும்தானே கைகொடுக்கிறோம், இந்த வருடம் காசும் இல்லை" என்று சிரித்தபடி பதில் வந்தது. அக்காவும் பேசாமல் திரும்பிவிட்டார். எம்மவரில் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள்.

அவர் கேட்ட விதத்திலேயே ஒரு பிழை இருந்தது. என்.எச்.எஸ்.ஸில் சம்பளம் ஆளுக்கு அல்ல, வேலைக்கு. ஒவ்வொரு வேலைக்கும் நாடு முழுவதற்குமான ஒரு பொது வரையறை உண்டு. அதன்படி பராமரிப்பு உதவியாளரின் பான்ட் 2 வேலை பெரும்பாலும் உடல் பராமரிப்பு. இரத்தம் எடுத்தல், ஈ.சி.ஜி. போன்ற மருத்துவப் பணிகளை வழமையாகச் செய்தால் அது பான்ட் 3. 2021இல் இந்த வரையறை தெளிவாக்கப்பட்ட பின்னர், யூனிசன் தொழிற்சங்கம் வைத்தியசாலை வைத்தியசாலையாக இதைக் கேட்டு வருகிறது. ஆகவே "சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்பதை விட, "நான் செய்யும் வேலை எந்த பான்ட் என்று மதிப்பிடுங்கள்" என்று கேட்பதே பொருத்தம். முன்னதற்கு "காசில்லை" என்று சொல்லிவிடலாம். பின்னதற்கு அது பதிலாகாது.

இரண்டாம் முறை அக்கா ஆயத்தத்தோடு போனார். முதலில் மனிதவளப் பிரிவிடம் தனது வேலை விபரப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். அதில் இரத்தம் எடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்து நான்கு வாரம் ஒரு கொப்பியில் திகதி, ஷிப்ட், செய்த பணி, செய்யச் சொன்னவர் யார் என்று குறித்தார். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ எழுதவில்லை. அதை எழுதினால் இரகசியம் காக்கத் தவறியதாக அவர் மீதே விசாரணை வரலாம். எல்லாவற்றையும் விடப் பலமான சான்று, இரத்தம் எடுக்கத் தகுதி பெற்றார் என்று வைத்தியசாலையே கையெழுத்திட்டுக் கொடுத்த பயிற்சிப் பத்திரம். தாமே பழக்கிவிட்டு, பிறகு அது உன் வேலையில்லை என்று சொல்ல முடியாதே!

எப்போதாவது ஒருமுறை செய்த பணி போதாது. வேலையின் வழமையான பகுதி அது என்று காட்ட வேண்டும். நான்கு வாரக் குறிப்பு அதற்காகத்தான்.

மேலாளர் இம்முறையும் தட்டிக்கழித்தார். அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. அன்று மாலையே சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: "இன்று பேசியதில், எனது பணியை மறுமதிப்பீடு செய்ய முடியாது என்று சொன்னீர்கள் எனப் புரிந்துகொண்டேன். இதை முடிவு செய்பவர் யார்? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் முறை என்ன?" வாய்ப்பேச்சு இப்படித்தான் பதிவாகிறது. உண்மையில் பான்ட்டைத் தீர்மானிப்பது வார்ட் மேலாளர் அல்ல. நிர்வாகமும் ஊழியர் தரப்பும் சேர்ந்து இருக்கும் மதிப்பீட்டுக் குழுதான் அதைச் செய்கிறது. பதில் வராவிட்டால் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு முறைப்படி முறைப்பாடு கொடுக்கலாம். ஒரே வார்ட்டில் பலர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

கடிதத்தில் மறக்கக்கூடாத ஒன்று, எந்தத் திகதியிலிருந்து என்பது. 2023–24இல், லண்டன் படியைச் சேர்க்காமல், பான்ட் 2 ஆண்டுக்கு 22,383 பவுண்ட்ஸ். பான்ட் 3இன் மேல்படி 24,336. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,950 பவுண்ட்ஸ் என்றால் நிலுவை சில ஆண்டுகளில் பெரிய தொகையாகிவிடும். அதே 2023இல் வட இங்கிலாந்தின் விரல் பகுதியில் பராமரிப்பு உதவியாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தபோது, நிலுவை எதுவரை பின்னோக்கிப் போக வேண்டும் என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. ஆகவே பயிற்சிப் பத்திரத்தில் உள்ள திகதியை அக்கா முதல் கடிதத்திலேயே எழுதினார்.

கடையிலோ தனியார் பராமரிப்பு இல்லத்திலோ வேலை செய்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, கூடுதல் பணிக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். வேலை விபரப் பத்திரத்தைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்பதே அங்கே முதல் படி.

இன்னொன்று: யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களுக்கு நிலுவை ஒரே மாதத்தில் மொத்தமாக வந்தால் அந்த மாத உதவித்தொகை குறையலாம், நின்றும் போகலாம். பணம் கைக்கு வருமுன்பே தொழிற்சங்கத்திடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.