பெரிய திரையில் தொலையும் அம்பு

விண்டோஸ் கணினியில் நாம் காணும் வெள்ளை அம்பு, 32-க்கு 32 பிக்சல் கொண்ட ஒரு சின்னக் கட்டத்துக்குள் வரையப்பட்டது. அந்தக் கட்டத்தையும் அது முழுதாக நிரப்புவதில்லை. நுனியிலிருந்து வால் வரை ஏறத்தாழ 19 பிக்சல் உயரம், 12 பிக்சல் அகலம், அவ்வளவுதான். 24 அங்குல மானிட்டரில், 1920-க்கு 1080 பிக்சல் திரையில், இது அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரமாகத் தெரியும். பார்ப்பதற்கு எந்தச் சிரமமும் இருக்காது.

ஒரு கணக்காளர் அந்த மானிட்டரை மாற்றி 32 அங்குல 4கே மானிட்டர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் தாளில் கூடுதலாகப் பல நெடுவரிசைகளை ஒரே பார்வையில் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்த அளவுத் திரைக்கு விண்டோஸ் பெரும்பாலும் 150 சதவீத ஸ்கேலைப் பரிந்துரைக்கும். அவர் அதை 100 சதவீதமாகக் குறைத்துவிடுகிறார். நெடுவரிசைகள் கூடுகின்றன, கூடவே அம்பும் சுருங்குகிறது. புதிய திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.18 மில்லிமீட்டர், பழையதில் 0.28. அதே 19 பிக்சல் அம்பு இப்போது மூன்றரை மில்லிமீட்டர்தான். திரையின் மொத்தப் பிக்சல்களோ நான்கு மடங்காகிவிட்டன. அதாவது, பழைய திரையில் அம்பு பிடித்திருந்த இடத்தில் நாலில் ஒரு பங்குதான் இப்போது அதற்கு மிச்சம். மவுஸை ஆட்டி ஆட்டி அம்பைத் தேடுவது அன்றாட வேலையாகிறது. கண்ணில் கோளாறு என்று பலரும் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

எனவே முதல் வேலை தீம் தேடுவதல்ல, அளவைச் சரிசெய்வது. விண்டோஸ் 11-இல் Settings திறந்து, Accessibility பகுதியில் Mouse pointer and touch என்ற பக்கத்துக்குப் போனால் Size என்றொரு ஸ்லைடர் இருக்கும். அதில் 1 முதல் 15 வரை படிகள். முதல் படி 32 பிக்சல். ஒவ்வொரு படிக்கும் 16 பிக்சல் கூடி, கடைசிப் படியில் 256-ஐத் தொடும். நம் கணக்காளர் இரண்டாம் படிக்கு, அதாவது 48 பிக்சலுக்கு வந்தால் பழைய திரையில் இருந்த உயரம் திரும்பிவிடும். ஆனால் திரை பரந்திருப்பதால் அது போதாது. மூன்றாம் படி, 64 பிக்சல், அம்பை ஏழு மில்லிமீட்டர் ஆக்கும். கை எட்டும் தூரத்தில் 32 அங்குலத் திரையை வைத்து வேலை செய்பவருக்கு இது பொருத்தமான தொடக்கம். ஆறாம் ஏழாம் படிக்கு மேலே போனால் அம்பின் உடலே எண்களை மறைக்கத் தொடங்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தப் பெரிய அளவுகள் தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அவை இடைஞ்சல்.

அளவை முதலில் முடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீம் போட்ட பிறகு இந்தப் பக்கத்தில் ஸ்லைடரை நகர்த்தினாலோ, நிறத்தைத் தொட்டாலோ, விண்டோஸ் தன் சொந்த அம்புகளைக் கொண்டுவந்து வைத்துவிடுவது உண்டு. “தீம் தானாகப் போய்விட்டது” என்று சொல்பவர்கள் பலருக்கும் நடந்திருப்பது இதுவே. அளவு முதலில், தீம் அடுத்து என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இனி தீம். கர்சர் தீம் என்பது ஒரே ஒரு அம்பின் படமல்ல. சாதாரண அம்பு, இணைப்பின் மேல் வரும் கை, காத்திருக்கச் சொல்லும் வட்டம், சன்னலின் ஓரத்தை இழுக்கும் இருமுனை அம்புகள், எழுத்தின் மேல் வரும் செங்குத்துக் கோடு என்று விண்டோஸில் 17 வேடங்கள் உண்டு. அசையாத படங்கள் .cur கோப்புகளாகவும், அசையும் படங்கள் .ani கோப்புகளாகவும் இருக்கும். அவற்றை அந்தந்த இடத்தில் பொருத்தும் குறிப்பு install.inf என்ற கோப்பில் இருக்கும்.

தீம் வாங்கும்போது எல்லோரும் அம்பைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்தச் செங்குத்துக் கோட்டை. பெரிய திரையில் முதலில் தொலைவது அதுதான். விண்டோஸ் தரும் கோடு மிக மெல்லியது. அதற்கென்று சொந்த நிறமும் கிடையாது. அடியில் உள்ள நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டும். வெள்ளைத் தாளில் கறுப்பாகவும், கறுப்புத் திரையில் வெள்ளையாகவும் தெரியும். நடுத்தரச் சாம்பல் நிறத்தின் மேல் வந்தால் சாம்பலின் தலைகீழும் சாம்பலே. கோடு அப்படியே கரைந்துபோகும். நிறமும் விளிம்பும் உள்ள கோட்டைத் தரும் தீம் இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்கிறது.

திறந்த மூலத் தீம்களில் பிபாட்டா பலரும் அறிந்தது. அதில் ஆம்பர் வகை மஞ்சள் சார்ந்த நிறம், ஐஸ் வகை வெள்ளை. மாடர்ன் என்றால் உருண்ட முனை, ஒரிஜினல் என்றால் கூர்முனை. வெள்ளைத் தாளில் நாளெல்லாம் வேலை செய்பவருக்கு ஆம்பரே நல்லது. நிறுவுவது எளிது. ஜிப் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் install.inf மேல் வலது கிளிக் செய்து, விண்டோஸ் 11 என்றால் Show more options வழியாகப் போய், Install கொடுக்க வேண்டும். அனுமதி கேட்கும், கொடுத்ததும் கோப்புகள் விண்டோஸின் Cursors கோப்புறைக்குப் போய்ச் சேரும். அப்போதும் திரையில் எதுவும் மாறியிருக்காது. இங்கேயே நிறுவல் தோற்றுவிட்டதென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. விண்டோஸ் விசையுடன் R அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்ட வேண்டும்:

```
main.cpl
```

மவுஸின் பழைய அமைப்புப் பெட்டி திறக்கும். Pointers என்ற தாவலில் Scheme பட்டியலுக்குள் புதிய தீமின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து Apply கொடுத்தால்தான் அம்பு மாறும். அதே இடத்தில் Allow themes to change mouse pointers என்ற குறியை எடுத்துவிடுவது நல்லது. இல்லையேல் பின்னணிப் படத்துக்கான தீமை மாற்றும் நாளில் கர்சரும் பழையபடி ஆகிவிடக்கூடும்.

அலுவலகக் கணினியில் நிர்வாகி அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. இதே தாவலில் ஒவ்வொரு வேடத்தையும் தேர்ந்து, Browse மூலம் அதற்குரிய கோப்பைக் காட்டி, கடைசியில் Save As கொடுத்துப் பெயரிடலாம். கோப்புகளை முன்கூட்டியே நிலையான ஓர் இடத்தில் வைத்துவிட வேண்டும். டவுன்லோடு கோப்புறையில் விட்டுவைத்து, பிறகு ஒருநாள் அதைச் சுத்தம் செய்தால் தீமும் கூடவே போய்விடும்.

தீம் போட்டபின் அம்பின் ஓரங்கள் படிக்கட்டு போலப் பல் பல்லாகத் தெரிந்தால், அந்தக் கோப்புக்குள் 32 பிக்சல் படம் மட்டுமே இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. நிறுவுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். 32 பிக்சல் சதுரத்தில் 1,024 புள்ளிகள், புள்ளிக்கு நான்கு பைட். ஆக, ஒரே படம் கொண்ட .cur கோப்பு வழக்கமாக 4 கிலோபைட் அளவில் நிற்கும். 128 பிக்சல் படமும் உள்ளே இருந்தால் அதற்கு மட்டுமே 64 கிலோபைட் ஆகும். கோப்பின் எடையைப் பார்த்தாலே பெரிய திரைக்கு அது தாங்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒவ்வொரு கர்சர் கோப்பிலும் கிளிக் எந்தப் பிக்சலில் விழ வேண்டும் என்று ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அம்புக்கு அது நுனியில் இருக்க வேண்டும். கவனமில்லாமல் செய்த தீம்களில் அந்தப் புள்ளி சற்றுத் தள்ளி விழும். சிறிய அளவில் இரண்டு பிக்சல் பிழை தெரியாது. மூன்று மடங்கு பெரிதாக்கினால் ஆறு பிக்சலாகி, ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் தேர்வாகும். எக்செலின் மெனுவில் மிகச் சிறிய பொத்தான்களை நுனியால் தொட்டுப் பார்த்தாலே சோதனை முடிந்தது.

தீம் தேடும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். இந்தத் துறைக்குக் கறை படிந்த பழைய வரலாறு ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் பரவிய காமெட் கர்சர் என்ற மென்பொருள், அம்பை அழகாக்கித் தருவதாகச் சொல்லிப் பயனர்களின் இணைய நடமாட்டத்தைக் கவனித்ததற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2007-இல் விண்டோஸ் .ani கோப்புகளைக் கையாளும் முறையிலேயே ஆபத்தான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரமாக அதை அடைத்தது. நியாயமான ஒரு கர்சர் தீமுக்குள் .cur, .ani, .inf கோப்புகள் இருந்தால் போதும். நிறுவ ஓர் .exe கோப்பை ஓட்டச் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

கடைசியாக, அம்பின் பின்னே நீளும் தடம். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்திலேயே இந்த வசதி இருந்தது. அன்றைய மடிக்கணினித் திரைகள் மந்தமானவை; நகரும் அம்பைத் திரை வரைந்து முடிப்பதற்குள் அது வேறிடம் போய்விடும். இன்றைய மானிட்டருக்கு அந்த மந்தம் இல்லை, ஆனால் அகலம் இருக்கிறது. பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கின்றன. 3,840 பிக்சல் அகலத்தை மவுஸ் 0.3 நொடியில் கடந்தால், வழியில் அம்பு 18 இடங்களில் மட்டுமே தோன்றும். நம் 32 அங்குலத் திரையில் ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம். கண் அதைத் தவறவிடுவதில் வியப்பில்லை. தடத்தை இயக்கினால் கடைசியாக இருந்த சில இடங்களிலும் அம்பின் உருவம் சிறிது நேரம் நிற்கும். கண் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு முனைக்கு வந்துவிடும்.

main.cpl பெட்டியில் Pointer Options தாவலில் Display pointer trails என்று இருப்பது இதுவே. Short முதல் Long வரை நீட்டலாம். அம்பைப் பெரிதாக்கியவர்கள் தடத்தைக் குட்டையாக வைப்பது நல்லது. 64 பிக்சல் அம்புகள் ஏழெட்டு வரிசையாக நின்றால் எது உண்மையான நுனி என்ற குழப்பம் வரும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் தொல்லை. அசையாமல் நிற்கும் அம்பைக் கண்டுபிடிக்கத் தடம் எவ்வகையிலும் உதவாது. அதற்கு அதே தாவலின் அடியில் உள்ள Show location of pointer when I press the CTRL key என்ற குறியே சரியான கருவி. Ctrl விசையை அழுத்தி விட்டால் அம்பைச் சுற்றி வட்டங்கள் சுருங்கி இடத்தைக் காட்டும்.

எக்செல் கட்டங்களின் மேல் வரும் தடித்த வெள்ளைக் கூட்டல் குறி மட்டும் எந்தத் தீமுக்கும் பணியாது. அது எக்செலே தன்னோடு கொண்டுவருவது. போட்டோஷாப்பின் தூரிகை வட்டமும் அப்படியே. நம் கணக்காளரின் நாள் பெரும்பாலும் அந்தக் கூட்டல் குறியோடுதான் கழிகிறது என்பதால், அவருக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தேவைப்படும். அதிலுள்ள Find My Mouse வசதியில் இடது Ctrl விசையை இருமுறை தட்டினால் திரை முழுதும் இருண்டு, கர்சர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளிவட்டம் விழும். எண்களை வரிசை மாறாமல் பார்க்க வேண்டிய நேரத்தில் Mouse Pointer Crosshairs வசதியை இயக்கிக்கொள்ளலாம். கர்சரின் வழியே கிடையாகவும் நெடுகவும் இரண்டு கோடுகள் திரையின் ஓரம் வரை நீளும். எக்செலின் குறி மாறாவிட்டாலும், அது எந்த வரிசையில், எந்த நெடுவரிசையில் நிற்கிறது என்பது எட்ட இருந்தே தெரியும்.